கல்லாவில் உட்காரப்போகிறவருக்கு வேலைக் கடிதம்: சம்பளம், நேரம், தகுதிகாண் காலம்

கேள்வி: திருச்சியில் ஒரு சைவ ஹோட்டல் வைத்திருக்கிறேன். சமையல், சப்ளை, கிளீனிங் எல்லாம் சேர்த்து 14 பேர். கல்லாவில் இதுவரை நானும் என் மனைவியும்தான் உட்கார்ந்தோம். முதல்முறையாக மதியத்துக்கு மேல் வெளியாள் ஒருவரை கேஷியராகப் போடுகிறேன். பி.காம். முடித்த பையன். மாதம் 18,000 என்று வாய்ப்பேச்சாகச் சொல்லியிருக்கிறேன், அவன் எழுத்தில் கேட்கிறான். சம்பளம், நேரம், புரொபேஷன் எல்லாம் எப்படி எழுதுவது? கல்லா குறைந்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்று போடலாமா?

பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற மூன்றையும் எப்படி எழுதுவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பிடிக்கலாம். ஆனால் "குறைந்தால் பிடிப்போம்" என்று ஒரே வரியில் போட முடியாது. போட்டாலும் அந்த வரி நிற்காது.

2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. கணக்குக் காட்ட வேண்டிய பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்க அது இடம் தருகிறது. அந்தக் குறைவு அவருடைய கவனக்குறைவால் அல்லது தவறால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிடிப்பதற்கு முன் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். குறைந்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. இதற்கு முன் இருந்த 1936ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் இதைத்தான் சொன்னது, புதிதாக ஒன்றும் இல்லை.

சட்டத்தை விடுங்கள், கல்லாப் பக்கம் வாருங்கள். நான் கணக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் உணவகத்தில் ஒரு நாள் இரவு நடந்தது இது. காலையில் சில்லறைக்காக வைத்த பணம் 3,000. ரொக்கம் என்று பில் போட்டது 21,460. கல்லாவிலிருந்து வாழை இலைக்காரருக்கும் தயிர்க்காரருக்கும் வவுச்சர் போட்டுக் கொடுத்தது 1,250. ஆக இருக்க வேண்டியது 23,210. எண்ணினால் 22,570. குறைவு 640. முதலாளி அன்றே நோட்டில் கேஷியர் பெயருக்கு நேரே 640 என்று எழுதிவிட்டார். மாதக் கடைசியில் சம்பளத்திலும் பிடித்தார். பையன் பத்து நாளில் நின்றுவிட்டான்.

மாதக் கணக்கு என் கைக்கு வந்தபோது பார்த்தேன். அதே நாளில் யூபிஐ பில்கள் 15,300. வங்கியில் ஏறியிருந்த யூபிஐ பணம் 15,940. அங்கே சரியாக 640 கூடுதல். ஒரு குடும்பம் ரொக்கம் தருவதாகச் சொல்லி பில் போட வைத்துவிட்டு, சில்லறை இல்லையென்று கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்திருக்கிறது. பில்லில் ரொக்கம் என்பதை மாற்ற அவன் மறந்துவிட்டான். கடைக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. ஆனால் அதைப் பார்க்க முதலாளி யூபிஐ கணக்கையும் அதே இரவில் எடுத்து வைத்திருக்க வேண்டும், அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவும் வேண்டும்.

குறைவின் தொகையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ரொக்கத்தில் குறைந்த அதே தொகை யூபிஐயிலோ கார்டிலோ கூடியிருந்தால் பில்லில் வகை மாறியிருக்கிறது. சரியாக 300 குறைந்தால் 200 கொடுக்க வேண்டிய இடத்தில் 500 நோட்டு போயிருக்கலாம், 400 குறைந்தால் 100க்குப் பதில் போயிருக்கலாம். 90 போல ஒன்பதால் வகுபடும் தொகை என்றால் வவுச்சரைப் பாருங்கள், 540ஐ 450 என்று மாற்றி எழுதியிருக்கலாம். இவை எதிலும் சேராத குறைவு அடிக்கடி வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அதனால் கடிதத்தில் எழுத வேண்டியது பிடித்தம் அல்ல, ஒப்படைப்பு. உங்கள் மனைவி மதியம் கல்லாவை விடும்போது இருவரும் சேர்ந்து எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரவும் அப்படியே. இடையில் அவன் பெயரில் வேறு யாரும் பில் மெஷினில் உட்காரக் கூடாது. அவன் சாப்பிடப் போகிற அரை மணி நேரத்தில் உங்கள் மச்சான் வந்து உட்கார்ந்தால், அந்த நாளின் குறைவுக்கு அவனைப் பொறுப்பாக்க வழியே இல்லை. பில்லிங் சாப்ட்வேரில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு போடுங்கள். பெரும்பாலான கடைகளில் எல்லோரும் முதலாளியின் பாஸ்வேர்டைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அபராதம் என்று தனியாக ஒன்றை எழுதாதீர்கள். லேட்டாக வந்தால் 100 ரூபாய் என்று சுவரில் ஒட்டுகிற பழக்கம் ஹோட்டல்களில் உண்டு. அபராதம் போட முன்கூட்டி அனுமதி வாங்கிய பட்டியல் வேண்டும், அந்த மாதச் சம்பளத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. 18,000க்கு அது 540 ரூபாய். இந்தத் தொகைக்காக அந்த வேலையெல்லாம் தேவையில்லை. அதேபோல டெபாசிட் பணமோ ஒரிஜினல் சர்டிபிகேட்டோ வாங்கி வைக்கவும் வேண்டாம். பையன் நல்லவனாக இருந்தால் அது அவமானம், இல்லாவிட்டால் அந்தச் சர்டிபிகேட் உங்கள் கல்லாவைக் காப்பாற்றப் போவதில்லை.

சரி, சம்பளம். 18,000 என்று சொல்லியிருக்கிறீர்கள். அது கையில் கிடைப்பதா, பிடித்தத்துக்கு முன்னாலா என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். முதல் மாதச் சண்டை அங்கேதான் வரும். உங்களிடம் பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் இஎஸ்ஐ உண்டு. 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர் அதற்குள் வருவார். அவர் பங்கு 0.75 சதவீதம், 135 ரூபாய். உங்கள் பங்கு 3.25 சதவீதம், 585 ரூபாய். அப்படியானால் அவர் கையில் 17,865, உங்களுக்கு ஆகும் செலவு 18,585. இந்த இரண்டு எண்ணையும் கடிதத்திலேயே போட்டுவிடுங்கள். பிஎஃப் 20 பேரிலிருந்துதான் கட்டாயம். உங்களிடம் இவரோடு 15 பேர் என்பதால் இப்போது இல்லை. நாளைக்குக் கிளை திறந்தால் கணக்கு மாறும்.

வீட்டு வாடகைப்படி, பயணப்படி, துவைப்புப்படி என்று துண்டு துண்டாகப் பிரிக்கச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். உங்கள் அளவுக்கு அது வேண்டாம். ஹோட்டல் வேலைக்குத் தமிழ்நாடு அரசு குறைந்தபட்ச ஊதியம் அறிவிக்கிறது. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் உண்டு. பஞ்சப்படி சென்னை நகர விலைவாசிக் குறியீட்டை வைத்து ஒவ்வொரு ஏப்ரல் 1ஆம் தேதியும் மாறும். நீங்கள் தருகிற தொகையை அடிப்படை, பஞ்சப்படி என்ற இரண்டு தலைப்பில் மட்டும் எழுதினால், நடப்பு அறிவிப்போடு ஒப்பிடுவது சுலபம். தொழிலாளர் துறை உதவி ஆய்வாளர் வந்தாலும் அந்த இரண்டையும்தான் முதலில் பார்ப்பார். இரண்டு வேளைச் சாப்பாடு தருவீர்கள் அல்லவா? அது சம்பளத்துக்கு வெளியே, இலவசம் என்று எழுதுங்கள். சாப்பாட்டுக்கு என்று பிற்பாடு பிடிக்கிற ஆசை வராமல் இருக்கும்.

ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். வார விடுமுறைக்கும் சேர்த்துத்தான் மாதச் சம்பளம் என்றால், சம்பளமில்லா லீவுக்கு 30ஆல் வகுத்து 600 பிடிப்பது நியாயம். ஓவர்டைமுக்கு வேலை நாள் 26ஆல் வகுக்க வேண்டும். 18,000ஐ 26ஆல் வகுத்து, அதை 8ஆல் வகுத்தால் மணிக்கு 86 ரூபாய் 54 காசு. ஓவர்டைம் இரட்டிப்பு என்பதால் மணிக்கு 173 ரூபாய். பிடிக்கும்போது 26, கொடுக்கும்போது 30 என்று தலைகீழாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். லீவுக்கு 692 ரூபாய் பிடித்ததைப் பார்த்து பி.காம். பையன் கால்குலேட்டரை எடுப்பான்.

நேரத்தில்தான் கேஷியர் கடிதம் மற்றவர்கள் கடிதத்திலிருந்து மாறுகிறது. சப்ளையருக்குக் கடைசி மேசை எழுந்தால் வேலை முடிந்தது. கேஷியருக்கு அப்போதுதான் இரண்டாவது வேலை தொடங்குகிறது. பணம் எண்ணுவது, கார்டு மெஷினில் அன்றைய செட்டில்மென்ட் எடுப்பது, யூபிஐ தொகையைச் சரிபார்ப்பது, வவுச்சர்களை வரிசைப்படுத்துவது, இதெல்லாம் அரை மணி நேரம். "வேலை நேரம் இரவு 10 வரை" என்று எழுதி 10.30 வரை உட்கார வைத்தால் தினமும் அரை மணி நேரம் ஓவர்டைம் சேரும். மாதம் 26 நாளுக்கு 13 மணி நேரம், 173 ரூபாய் வீதம் 2,249 ரூபாய். அவன் கேட்காமல் இருக்கலாம். ஆனால் கடனாக ஏறிக்கொண்டுதான் இருக்கும், வேலையை விட்டுப் போகிற நாளில் ஞாபகம் வரும்.

எனவே எண்ணுகிற நேரத்தையும் உள்ளே கொண்டு வாருங்கள். மதியம் 2 மணிக்கு வருகிறார், இரவு 10.30க்குப் போகிறார், நடுவில் அரை மணி இடைவேளை. எட்டு மணி நேரம், ஆறு நாள், வாரம் 48. இதற்கு மேல் நீட்டினால் ஓவர்டைம். இடைவேளையை மாலை 5 மணிக்கு வையுங்கள். சாயங்கால டிபன் கூட்டம் ஆறுக்கு மேல்தானே. கடைசி ஆர்டரை 9.45க்கு நிறுத்தினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். 10.20க்கு நான்கு பேர் வந்து தோசை கேட்டால் உட்கார வைக்கிற முதலாளி கடிதத்தில் என்ன எழுதியும் பயனில்லை.

வார விடுமுறை எந்தக் கிழமை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ஞாயிறு உங்களுக்குக் கூட்டம், செவ்வாய் என்று வைக்கலாம். இது தவிர, தமிழ்நாட்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகை நாட்கள் ஐந்தும் உண்டு. ஹோட்டலைப் பொங்கலன்று மூட மாட்டீர்கள். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் இன்னொரு நாள் சம்பளத்தோடு லீவும் தர வேண்டும்.

இனி புரொபேஷன், தமிழில் தகுதிகாண் காலம். நிறைய முதலாளிகள் இதை அரைச் சம்பளக் காலம் என்று நினைக்கிறார்கள். அந்தக் காலத்திலும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போக முடியாது, இஎஸ்ஐ முதல் நாளிலிருந்தே உண்டு. "கன்பர்ம் ஆனதும் இஎஸ்ஐ போடலாம்" என்று வைத்திருந்த காலத்தில் கை வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவு உங்கள் தலையில்தான்.

மூன்று மாதம் போதும். ஒரு கேஷியர் மூன்று மாதத்தில் ஒரு பண்டிகைக் கூட்டத்தையாவது பார்த்திருப்பார், மாதக் கணக்கு மூன்று முறை முடித்திருப்பார். அதற்குள் தெரியாதது ஆறு மாதத்திலும் தெரியாது. மேலும், தமிழ்நாட்டில் 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரத் தொழிலாளி என்று 1981ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. கடிதத்தில் புரொபேஷனை நீட்டிக்கொண்டே போய் அதைத் தாண்ட முடியாது. ஒரே ஒரு முறை, காரணம் எழுதி, இன்னொரு மூன்று மாதம் நீட்டலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் முடிந்த பிறகு யாரும் எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் அதிகம் நடப்பது. அப்போது அவர் நிரந்தரமா இல்லையா என்பது கடிதத்தின் வாசகத்தைப் பொறுத்தது. வாசகம் இல்லையென்றால் வக்கீல் வீட்டுக்கு நடக்க வேண்டும். முடிந்த 15 நாளுக்குள் எழுத்தில் தகவல் வராவிட்டால் உறுதியானதாகக் கொள்ளலாம் என்று போட்டுவிட்டால் உங்களுக்கும் ஒரு கெடு இருக்கும். எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள்: கல்லாக் கணக்கு, பில் ரத்து, நேரத்துக்கு வருவது, வாடிக்கையாளரிடம் பேசுவது.

சரிப்படவில்லை என்று அனுப்புவதானால் "பணி எதிர்பார்த்த அளவில் இல்லை" என்ற அளவோடு நிறுத்துங்கள். "பணம் எடுத்தார்" என்று எழுதினால் அது தகுதி பார்த்து அனுப்புவது ஆகாது, தண்டனை ஆகிவிடும். விசாரணை நடத்தாமல் அப்படி எழுதியது நிற்காது. உண்மையிலேயே எடுத்தார் என்று தோன்றினால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்து முறையாக விசாரியுங்கள்.

இதையெல்லாம் வைத்து உங்களுக்காக ஒரு வரைவு. கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

தேதி: ________

திரு. ________ அவர்களுக்கு,

எங்கள் உணவகத்தில் காசாளர் பணிக்குத் தங்களைத் தேர்வு செய்திருக்கிறோம். கீழ்க்கண்ட நிபந்தனைகள் சம்மதமானால் ________ தேதிக்குள் இக்கடிதத்தின் நகலில் கையெழுத்திட்டுத் தரவும். அதற்குப் பின் இந்த வாய்ப்பு செல்லாது. பணியில் சேர வேண்டிய நாள் ________.

1. சம்பளம்: மாதம் ரூ. 18,000 (அடிப்படை ரூ. ______, பஞ்சப்படி ரூ. ______). இதில் இஎஸ்ஐ தொழிலாளர் பங்கு ரூ. 135 பிடித்தது போகக் கையில் கிடைப்பது ரூ. 17,865. நிர்வாகத்தின் பங்கு ரூ. 585 தனி. சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். பணி நேரத்தில் இரண்டு வேளை உணவு இலவசம். அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம் இத்தொகையைத் தாண்டினால் அந்தத் தொகை வழங்கப்படும்.

2. நேரம்: பிற்பகல் 2.00 முதல் இரவு 10.30 வரை. மாலை 5.00 முதல் 5.30 வரை இடைவேளை. கல்லா ஏற்பதும் எண்ணி ஒப்படைப்பதும் இந்த நேரத்துக்குள் அடங்கும். இதற்கு மேல் பணிபுரியும் நேரத்துக்கு இரட்டிப்பு விகிதத்தில் ஊதியம் உண்டு. வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி. சம்பளமில்லா விடுப்புக்கு நாள் ஒன்றுக்கு மாதச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு பிடிக்கப்படும்.

3. கல்லாப் பொறுப்பு: பணி தொடங்கும்போதும் முடியும்போதும் தாங்களும் நிர்வாகத்தின் சார்பில் ஒருவரும் சேர்ந்து பணத்தை எண்ணி ஒப்படைப்புத் தாளில் கையெழுத்திட வேண்டும். தங்கள் கடவுச்சொல்லில் வேறு எவரும் பில் போட அனுமதி இல்லை. இடைவேளையில் கல்லா பூட்டி வைக்கப்படும் அல்லது வேறொருவரிடம் எண்ணி ஒப்படைக்கப்படும். பில் ரத்து செய்ய மேற்பார்வையாளர் கையெழுத்து வேண்டும். ரொக்கம் குறைந்தால் ரொக்கம், யூபிஐ, கார்டு, வவுச்சர் ஆகியவற்றைத் தங்கள் முன்னிலையில் ஒப்பிட்டு, தங்கள் எழுத்து விளக்கத்தைப் பெற்ற பிறகே முடிவெடுக்கப்படும். தங்கள் கவனக்குறைவால் நேர்ந்தது என உறுதியானால் மட்டும், குறைந்த தொகைக்கு மிகாமல் பிடிக்கப்படும்.

4. தகுதிகாண் காலம்: சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம். கல்லாக் கணக்கு, பில் ரத்து, நேரம் தவறாமை, வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் முறை ஆகியவை பார்க்கப்படும். தேவையானால் காரணம் எழுதி ஒரு முறை மட்டும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். காலம் முடிந்து 15 நாளுக்குள் எழுத்தில் தகவல் தராவிட்டால் பணி உறுதியானதாகக் கொள்ளப்படும். சம்பளமும் இஎஸ்ஐயும் முதல் நாளிலிருந்து உண்டு.

5. விலகல்: தகுதிகாண் காலத்தில் இரு தரப்பும் 7 நாள், அதன் பின் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பணி முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் வழங்கப்படும்.

இப்படிக்கு,
உரிமையாளர்

மேற்கண்ட நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொண்டு சம்மதிக்கிறேன்.
கையெழுத்து, தேதி

ஐந்தாவது பத்தியில் உள்ள இரண்டு வேலை நாளும் நானாகப் போட்டது அல்ல, ஊதியத் தொகுப்புச் சட்டத்தில் இருப்பது. "பத்தாம் தேதி வந்து வாங்கிக்கொள்" என்று சொல்கிற பழக்கத்தை விட வேண்டியிருக்கும். மூன்றாவதை மட்டும் உங்கள் கடையில் நிஜமாகச் செய்ய முடியுமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தினமும் இரவு 10 மணிக்கு எண்ண நீங்கள் இருக்க முடியாது என்றால், யார் இருப்பார் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். ஒப்படைப்புத் தாளில் ஒரே ஒரு கையெழுத்து இருந்தால் அது வெறும் தாள்தான்.

கடிதம் தமிழிலேயே இருக்கட்டும். பையனுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கலாம், வீட்டில் அவன் அப்பாவும் படித்துப் பார்ப்பார். பத்துப் பேருக்கு மேல் உள்ள இடங்களில் நியமனக் கடிதம் தருவதை 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆக மற்ற 14 பேருக்கும் ஒரு பக்கக் கடிதமாவது கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு மூன்றாவது பத்தி தேவைப்படாது. இவர் சேர்ந்ததும் ஆதார், வங்கிக் கணக்கு விவரம் வாங்கிப் பத்து நாளுக்குள் இஎஸ்ஐயில் பெயர் சேர்க்க வேண்டும். இரண்டு பிரதியிலும் கையெழுத்தாகி, ஒன்று அவர் கைக்குப் போன பிறகு கல்லாச் சாவியைக் கொடுங்கள்.